ஊர் வந்து சேர்ந்த முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

இன்று காலை பெருங்குடி விமான நிலையத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்துவிட்டாய் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை “இன்னும் ஒரு இட்லி வச்சுக்கோ” என்று உன்னை அதட்டியதும் காதில் விழுந்தது. விமான நிலையத்துக்கு நான் வேண்டுமென்றேதான் வரவில்லை. குவைத்திலிருந்து கொழும்பு வழியாக இரவெல்லாம் உறங்காமல் வருகிறவன் முதலில் பார்க்க வேண்டியவர்கள் வீட்டார்தான். என்னை இனி அலுக்கும்வரை பார்க்கலாம்.

நம் ஆட்கள் செல்லூர்ப் பாலத்தருகே உனக்கு ஃபிளெக்ஸ் வைப்பதாக இருந்தார்கள். காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ் வைக்கும் ஊர் மதுரை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். உன் கல்லூரிக் காலத்துப் படத்தின் கீழே ‘பாலைவனம் கண்ட பாண்டியனே, வருக’ என்ற வாசகம்கூடத் தயாராகிவிட்டது. நான்தான் தடுத்தேன். மாலையும் சால்வையும் விருந்தாளிக்கு உரியவை. 2011-இல் வேலைக்குப் போனவன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

எவ்வளவு சேர்த்தாய், அடுத்து என்ன தொழில், திரும்பவும் போவாயா என்று தெருவில் நிச்சயம் கேட்பார்கள். எங்களில் யாரும் கேட்க மாட்டோம். சொல்லத் தோன்றும்போது சொல், தோன்றாவிட்டால் வழக்கம்போல் கிரிக்கெட் பேசலாம். ஒரே ஒரு காரியத்தை மட்டும் ரொம்பவும் தள்ளிப்போடாதே: நிரந்தரமாகத் திரும்பிவிட்டதை வங்கியில் தெரிவித்து, உன் என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். உனக்குத் தோதான ஒரு நாளில் நானும் கூட வருகிறேன்.

2019-இல் தங்கையின் திருமணத்துக்கு வந்தபோது நீ பார்த்த நத்தம் சாலை இப்போது உனக்கு அடையாளம் தெரியாது. அதன் மேலே ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு பறக்கும் பாலம் போகிறது; நாம் டீக்கடை தேடி அலைந்த தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்பது வசதிதான் என்றாலும், பாலத்தின் மேல் டீக்கடை இல்லை என்ற குறை எனக்கு உண்டு. அதே சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. நீ குவைத்திலிருந்து புத்தகப் பட்டியல் அனுப்புவதும், நான் வாங்கி வைத்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவதும் இனி தேவைப்படாது என்பதில் என் சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது. முதலில் அங்கே போவோம்; ஜிகர்தண்டா அதற்குப் பிறகு.

நன்றாகத் தூங்கு. வெளியே வரலாம் என்று எப்போது தோன்றுகிறதோ அப்போது ஒரு வார்த்தை சொல், வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பதால் உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தலை முன்பிருந்த அளவிலேயே இருந்தால் சரியாகப் பொருந்தும்.

உன்,
சரவணன்