மாநாட்டுக்கு நன்றி, கூடவே கேள்வி நேர மைக் பற்றி ஒரு குறிப்பு

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஆவண மின்னாக்க மாநாடு முடிந்து நான்கு நாள் ஆகிறது. நீங்கள் அனுப்பிய கருத்துப் படிவத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். எதற்காகப் போட்டேன் என்று சொல்ல அதில் இடம் இல்லாததால் தனியாக எழுதுகிறேன்.

முதலில் பெயரட்டை. இரண்டு பக்கமும் பெயர் அச்சிட்டிருந்தீர்கள். கழுத்துப்பட்டையில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும். பாதிக் கூட்டத்துக்கு வெள்ளை முதுகுதான் தெரியும் என்பது எல்லா மாநாட்டிலும் நடப்பது, இங்கே நடக்கவில்லை. பெயர் பெரிதாகவும் நிறுவனம் அதன் கீழே சிறிதாகவும் இருந்ததால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றே வாசிக்க முடிந்தது.

45 நிமிட அமர்வை 30 நிமிடப் பேச்சு, 10 நிமிடக் கேள்வி, 5 நிமிட மாற்று நேரம் என்று பிரித்து, அந்த 5 நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்தது அடுத்தது. மூன்று அரங்கு இணையாக ஓடும்போது ஓர் அரங்கு 7 நிமிடம் தாமதித்தால், அங்கிருந்து எழுந்து வருபவர்கள் அடுத்த அரங்கின் பேச்சில் முதல் 7 நிமிடத்தை இழப்பார்கள், கதவு வேறு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். பேச்சாளர் கண்ணில் படும்படி முதல் வரிசைத் தரையில் வைத்த கடிகாரத்துக்குத்தான் பாதிப் புகழ். மீதி, நேரம் முடிந்ததும் தயங்காமல் எழுந்து நின்ற அமர்வுத் தலைவர்களுக்கு.

இரண்டாம் நாள் காலை ஒரு பேச்சாளர் வர முடியாமல் போனதும் பத்தே நிமிடத்தில் அரங்கக் கதவில் மாற்று அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள். செயலியில் மட்டும் மாற்றியிருந்தால் பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டார்கள். சரிபார்ப்புத் தொகைகள் பற்றிய அமர்வு, கோப்புப் பெயரிடல் பயிலரங்கு இரண்டிலிருந்தும் எடுத்துச் செல்ல நேரடியாகப் பயன்படும் விஷயம் கிடைத்தது. ஸ்லைடுகளை முந்தைய நாளே வாங்கி ஒரே கணினியில் ஏற்றி வைத்ததால் "திரை வரவில்லையே" என்ற சடங்கும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மனமார்ந்த நன்றி.

அடுத்த முறைக்கு ஒரே ஒரு யோசனை. பார்வையாளர் கேள்விகளுக்கு மைக் வேண்டும்.

அமர்வுப் பதிவுகளை இந்த வாரம் பார்த்தேன். பேச்சாளர் குரல் தெளிவு. ஆனால் 2ஆம் அரங்கின் மூன்று பதிவுகளில் கேள்வி நேரம் இப்படித்தான் இருக்கிறது: ஒரு நீண்ட முணுமுணுப்பு, அமைதி, பிறகு "ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் காந்த நாடாவில் அது வேலை செய்யாது." எது வேலை செய்யாது என்பது அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். சரிபார்ப்புத் தொகை அமர்வின் பயனுள்ள பகுதியே அந்தப் பத்து நிமிடம்தான் என்பதால் இழப்பு சின்னதில்லை.

அறையில் கேட்டவர்களுக்குக் குறை தெரிந்திருக்காது. 80 பேர் அமரும் அறையில் ஓங்கிப் பேசினால் காது சமாளித்துக்கொள்ளும். மைக் சமாளிக்காது, அதற்கு இரண்டு காரணம். மேடை மைக் பேச்சாளர் வாயிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டரில் இருக்கிறது, பின்வரிசைக் கேள்வியாளர் சுமார் 12 மீட்டரில். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும். 40 மடங்கு தூரம் என்றால் ஏறத்தாழ 32 டெசிபெல். சுவரில் பட்டு வரும் ஒலி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், ஆனால் அது சொற்கள் கலங்கிய ஒலி. இன்னொன்று, மேடையில் வைக்கும் வளைகழுத்து மைக் பெரும்பாலும் ஒருதிசை மைக். முன்னால் வருவதை எடுத்துப் பின்னால் வருவதை ஒதுக்குவதே அதன் வேலை. அதன் முகம் பேச்சாளர் பக்கம், முதுகு பார்வையாளர் பக்கம். அதாவது கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கென்றே சரியாகத் திருப்பி வைத்த கருவி அது. கேள்வி நேரத்தில் மட்டும் அந்த மைக்கின் அளவை ஏற்றினால் போதுமே என்று தோன்றும். ஏற்றினால் அரங்க ஒலிபெருக்கி ஒலி திரும்ப மைக்குக்குள் போய் ஊளையிடும், கேள்வி அப்போதும் வராது.

பதிவில் மட்டும்தான் இழப்பு என்றும் இல்லை. நேரலையில் பார்த்தவர்கள், உடனுக்குடன் எழுத்தாக்கம் செய்தவர், காதுக்கருவிக்கு நேரடியாக ஒலி அனுப்பும் லூப் வசதியைப் பயன்படுத்தியவர்கள் என்று எல்லோருக்கும் கிடைப்பது மைக்கில் விழும் ஒலி மட்டுமே. "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்று தொடங்கும் கேள்வியாளருக்கு இவர்கள் கண்ணில் படுவதில்லை. அமர்வுத் தலைவர் ஒரு சிரிப்போடு "பதிவுக்காக வேண்டும்" என்று மைக்கை நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

உங்கள் அரங்க அளவுக்கு, அரங்கு ஒன்றுக்கு இரண்டு கம்பியில்லாக் கைமைக்கும் இரண்டு தன்னார்வலர்களும் போதும். ஒரே மைக் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் அது ஓர் இருக்கையிலிருந்து இன்னொன்றுக்குப் போக 15 முதல் 20 விநாடி ஆகும். ஆறு கேள்விக்கு இரண்டு நிமிடம் வரை, அதாவது பத்தில் இரண்டு, வெறும் நடையில் போகும். இரண்டு இருந்தால் முதல் கேள்விக்குப் பதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும். தலைவர் வேலை, "அடுத்து நீல உடை அணிந்தவர், அதன் பின் கடைசி வரிசை" என்று இரண்டு பேரை முன்கூட்டியே காட்டிவிடுவது. எறிந்து பிடிக்கும் பஞ்சு மைக்கும் உண்டு, கூட்டத்துக்குப் பிடிக்கும். ஆனால் வாயிலிருந்து தள்ளிப் பிடிப்பதால் ஒலி சீராக வராது, தவறி விழுவதும் உண்டு. என் ஓட்டு கைமைக்குக்குத்தான்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் நடைபாதையில் ஸ்டாண்டில் ஒரு மைக் நிறுத்தி வரிசையில் வரச் சொல்லலாம். அதில் குறை, நடக்கச் சிரமப்படுபவர்களும் தயங்குபவர்களும் கேட்காமலே இருந்துவிடுவார்கள். அதோடு ஒரு கைமைக்காவது இருக்க வேண்டும்.

கைமைக்கில் வழக்கமாகத் தப்பாகப் போவது சில. கேள்வியாளர் சுவிட்சைத் தேடி அணைத்துவிடுவார். பல மைக்குகளில் சுவிட்சைப் பூட்டும் வசதி உண்டு, "ஆன்" நிலையில் பூட்டிவிட்டு, திறப்பதும் மூடுவதும் ஒலிக் கலவை மேசையில் இருப்பவர் கையில் இருக்கட்டும். பயன்படுத்தாத மைக் அங்கே மூடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் தன்னார்வலர் கிசுகிசுப்பது பதிவில் வரும். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் மைக்கின் திசைத்தன்மை கெட்டு ஊளை வரும், மைக்கின் உடம்பைப் பிடிக்கச் சொல்லி வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி வைக்கச் சொன்னால் போதும். தன்னார்வலர் ஒலிபெருக்கிக்கு முன்னால் திறந்த மைக்கோடு நடக்கக்கூடாது. பேட்டரியை மதிய இடைவேளையில் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள். மாலை கடைசி அமர்வில்தான் அது செத்துப்போகும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை ஒன்று. கைமைக் அரங்கில் நன்றாகக் கேட்பதாலேயே பதிவிலும் வருகிறது என்று அர்த்தமில்லை. கலவை மேசையில் அரங்க ஒலிபெருக்கிக்குப் போகும் வழி வேறு, பதிவுக்கும் நேரலைக்கும் போகும் வழி வேறு. கைமைக்கை முதல் வழியில் மட்டும் திறந்துவிட்டு இரண்டாவதை மறப்பது மிகச் சாதாரணம், மாநாடு முடியும்வரை யாருக்கும் தெரியாது. காலையில் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து இரண்டு கைமைக்கிலும் பத்து விநாடி பேசட்டும். இன்னொருவர் பதிவுக் கணினியில் ஹெட்போன் போட்டு, அந்தப் பதிவையே திரும்ப ஓட்டிக் கேட்கட்டும். அரங்கு ஒன்றுக்கு மூன்று நிமிட வேலை.

மைக் வாடகைக்கு அடுத்த முறையும் பணம் ஒதுக்க முடியாவிட்டால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: அமர்வுத் தலைவர் தன் மைக்கில் கேள்வியை ஒரு வரியில் திருப்பிச் சொல்வது. பேச்சாளரைச் சொல்லச் சொல்லாதீர்கள். பதில் நாக்கு நுனியில் நிற்கும்போது அவருக்கு அது நினைவிருக்காது, இரண்டாம் கேள்வியிலேயே மறந்துவிடுவார். தலைவரிடம் கொடுக்கும் நேர அட்டையின் பின்புறம் "கேள்வியை மைக்கில் திருப்பிச் சொன்ன பிறகே பதில்" என்று பெரிதாக அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது. நான்கு நிமிடம் நீளும் கேள்வியும் இதனால் ஒரு வரியாகச் சுருங்கிவிடும் என்பது உபரி லாபம்.

இப்போது உள்ள பதிவுகளையும் ஓரளவு காப்பாற்றலாம். மறுபடி ஒலி சேர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிலும் தொடங்குமுன் கேள்வியை எழுத்தாக ஐந்து விநாடி திரையில் காட்டி, வசனக் கோப்பிலும் அதே வரியைச் சேர்த்தால் போதும். 2ஆம் அரங்கின் மூன்று அமர்வுகளிலும் நான் குறிப்பு எடுத்திருந்தேன். மொத்தம் 14 கேள்விகள், ஒவ்வொன்றும் பதிவில் எந்த நிமிடத்தில் வருகிறது என்பதோடு தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. 9ஆம் கேள்வியின் பின்பாதி எனக்கும் சரியாகக் கேட்கவில்லை, அந்தப் பேச்சாளரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரையில் ஏற்றும் வடிவத்தில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இரண்டு நாளில் மாற்றித் தருகிறேன்.

மீண்டும் நன்றி.

அன்புடன்,
2ஆம் அரங்கின் மூன்றாம் வரிசையில் இரண்டு நாளும் அமர்ந்திருந்த பங்கேற்பாளர்

இணைப்பு: 2ஆம் அரங்கு, மூன்று அமர்வுகளின் கேள்விகள், நேரக் குறிப்புடன்