மூன்று நாள் ஷூட்: எது தவறினால் என்ன செய்வோம்

குழுவினர் அனைவருக்கும்,

கால் ஷீட்டோடு இந்தத் தாளையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். கால் ஷீட் எல்லாம் சரியாக நடந்தால் என்ன செய்வோம் என்று சொல்கிறது. இது மற்ற நாட்களுக்கு. 22 நிமிடக் குறும்படம், 14 பேர், மூன்று நாட்கள். நமக்கு நான்காவது நாள் கிடையாது. வீட்டுக்காரர் சாவியை மூன்றாம் நாள் இரவு 11 மணிக்குத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு சொல் விஷயம். இந்த மூன்று நாளும் செட்டில் "பேக்கப்" என்று யாரும் சொல்ல வேண்டாம். முன்பு ஒரு ஷூட்டில் "கார்டு பேக்கப் ஆச்சா?" என்று நான் சத்தமாகக் கேட்டேன். லைட் ஆட்கள் காதில் "பேக்கப்" மட்டும் விழுந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு ஸ்டாண்டுகள் இறங்கிவிட்டன. கார்டுக்கு "காப்பி", வேலை முடிந்தால் "முடிந்தது". அவ்வளவுதான்.

மழை, வெயில், இடி

முதல் நாளும் மூன்றாம் நாளும் வீட்டுக்குள். இரண்டாம் நாள்தான் ஏரிக்கரை, காட்சி 7 மற்றும் 12. கவலை அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

மழை வந்தால் இரண்டாம் நாள் காலை வீட்டுக்குத் திரும்பி காட்சி 9-ஐ எடுப்போம். மூன்றாம் நாள் காலைக்கு வைத்திருந்த காட்சி அது. அந்த இடத்துக்கு ஏரிக்கரை போகும். மூன்றாம் நாள் மாலை காட்சி 5 இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முதல் நாள் வேலை சீக்கிரம் முடிந்தாலும் காட்சி 9-ஐத் தொடக் கூடாது. "அறை தயாராக இருக்கிறது, இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கிறது, எடுத்துவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள். நானே கேட்பேன். மறுத்துவிடுங்கள். அதை எடுத்துவிட்டால், மழை நாளில் 14 பேரும் திண்ணையில் உட்கார்ந்து தூறலை எண்ண வேண்டியதுதான். கலைத்துறையினர் அந்த அறையை முதல் நாள் இரவே முழுதாக அமைத்துப் பூட்டிவிடுங்கள். காட்சி 9-க்கான உடைகள் இரண்டாம் நாள் வண்டியிலேயே இருக்கட்டும்.

முடிவெடுக்கும் நேரங்கள் மூன்று. முந்தைய நாள் மாலை 6 மணிக்கு வானிலை அறிக்கையைப் பார்த்து, எந்தத் திட்டம் என்று குழுவில் செய்தி போடுவேன். காலை 4:30-க்கு வானத்தையும் மழை ரேடாரையும் பார்த்து உறுதி செய்வேன். கடைசி வாய்ப்பு 5:30, ஏரிக்கரையில். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் பேசி முடிவெடுப்பார்கள், நான் அறிவிப்பேன். வீட்டுக்குப் போவதென்று அறிவித்த பிறகு வெயில் பளிச்சென்று அடித்தாலும் திரும்பி வர மாட்டோம். அங்கும் இங்குமாக அலைந்தால் இரண்டு இடத்திலும் ஒன்றும் எடுத்திருக்க மாட்டோம்.

லேசான தூறல் மட்டும் என்றால் நிறுத்த வேண்டியதில்லை. பின்னால் இருந்து வெளிச்சம் விழாதவரை தூறல் கேமராவில் அநேகமாகத் தெரியாது. தெரிவது நடிகர்களின் தலைமுடியும் சட்டைத் தோளும்தான். ஆகவே ஷாட்டுக்கு இடையில் நடிகர் தலைக்கு மேல் குடை இருக்க வேண்டும், கேமராவுக்கு மேல் இருக்கும் குடை தனி. கன்டின்யூட்டி பார்ப்பவர் ஒவ்வொரு கட்டுக்கும் தோளைப் படமெடுத்து வையுங்கள்.

மழையைவிட எனக்குப் பயம், வெயில் வந்து வந்து போகும் நாள்தான். அப்படி இருந்தால் காட்சி 7-ஐ மேகத்துக்காகவே எடுப்போம். வெயில் அடிக்கும்போது க்ளோஸ் ஷாட்டின் மேல் ஒரு துணியைப் பிடித்து மேகம் செய்துவிடலாம். வைட் ஷாட்டில் ஏரி முழுக்க வெயில் செய்ய நம்மால் முடியாது. மேகத்துக்காக ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10 நிமிடம் காத்திருப்போம். அதற்கு மேல் என்றால் க்ளோஸுக்குப் போய்விடுவோம்.

இடி விஷயத்தில் யார் கருத்தும் கேட்கப் போவதில்லை. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பூம் கம்பு, ஸ்டாண்டு, குடை எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் இறங்குவோம். டேக் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் காரணம் ஆகாது.

இன்னொன்று, கேமராத் துறைக்கு மட்டும். இரவு ஏசி அறையில் இருந்த லென்ஸை ஏரிக்கரை ஈரக்காற்றில் சட்டென்று திறந்தால் பனி படிந்துவிடும். பையை அதிகாலை 4 மணிக்கே ஏசி அறையிலிருந்து எடுத்து, மூடியபடியே வெளியே வையுங்கள். முதல் ஷாட் 6:15.

மூன்றாம் நாள் காலையும் மழை பிடித்துக்கொண்டால் காட்சி 12 திண்ணையில் நடக்கும். இயக்குநர் அந்த வடிவத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார், வசனம் மாறவில்லை. காட்சி 7-ஐ விட்டுவிடுவோம்.

பேட்டரி

நம்மிடம் 98 வாட்-அவர் வி-மவுண்ட் பேட்டரி ஆறு இருக்கிறது. கேமரா, மானிட்டர், வயர்லெஸ் வீடியோ மூன்றும் சேர்ந்து சுமார் 45 வாட் இழுக்கும். கணக்குப்படி ஒன்று இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்க வேண்டும். ஆறில் இரண்டு பழசு. ஆகவே ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு 9 மணி நேரம். ஏரிக்கரையில் நமக்கு 6 மணி நேர வேலை. போதும், ஆனால் ஆறும் முழுதாகச் சார்ஜ் ஆகி வந்தால்தான். அங்கே மின்சாரம் கிடையாது, வீட்டுக்குப் போய்வர 40 நிமிடம்.

அந்த "முழுதாகச் சார்ஜ் ஆகி" என்ற இடத்தில்தான் எனக்கு அனுபவம் இருக்கிறது. ஒரு ஷூட்டில் ராத்திரி எல்லாப் பேட்டரியையும் சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தோம். கடைசியாகத் தூங்கப் போனவர் நல்ல மனதோடு எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போனார். காலையில் ஆறும் செத்துக் கிடந்தன. அதனால் இரண்டாம் உதவி ஒளிப்பதிவாளர் தூங்கப் போகும் முன் சார்ஜர் விளக்கு எரிவதைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். நம் சார்ஜரில் ஒரே நேரத்தில் இரண்டுதான் போடலாம். ஒரு ஜோடிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே நடு இரவில் மாற்ற ஆள் வேண்டும். அது யார் என்று தினமும் மாலையே முடிவாக வேண்டும். முதல் இரவு நான்.

நிறைந்த பேட்டரிக்குப் பச்சை டேப், தீர்ந்ததற்குச் சிவப்பு. டேப் இல்லாதது தீர்ந்தது என்றே கணக்கு. லேசாக உப்பியிருந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், "இன்னும் ஓடுதே" என்று சார்ஜரில் போட வேண்டாம்.

லேப்பல் மைக் பேட்டரிகளை மதிய இடைவேளையில் புதிதாக மாற்றிவிடுங்கள். மீட்டர் பாதி காட்டினாலும் சரி.

மெமரி கார்டு

நாம் எடுக்கும் தரத்தில் நிமிடத்துக்கு 3 ஜிபி. 128 ஜிபி கார்டில் 42 நிமிடம் பிடிக்கும், 35 என்று எண்ணுங்கள். இப்படி நான்கு கார்டுகள். மூன்று நாளுக்கும் சேர்த்து சுமார் 176 நிமிடம் ஓடும் என்று எதிர்பார்க்கிறோம். 528 ஜிபி. அதாவது முதல் இரண்டு நாளும் எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. செய்யக் கூடாது. மூன்றாம் நாள் தேவைப்பட்டால், முதல் நாள் கார்டு ஒன்றை மட்டும். அதுவும் டேட்டா பார்ப்பவர் "காப்பி இரண்டு, சரிபார்த்தாச்சு" என்று வாயால் சொல்லி, உதவி ஒளிப்பதிவாளர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு.

காப்பி என்றால் இழுத்துப் போடுவது இல்லை. செக்சம் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வழியாக இரண்டு எஸ்எஸ்டிகளில் போக வேண்டும். முதல் க்ளிப்பையும் கடைசி க்ளிப்பையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். இரவு ஒரு எஸ்எஸ்டி தயாரிப்பாளரிடம், இன்னொன்று டேட்டா பார்ப்பவரிடம். இரண்டும் ஒரே பையில், ஒரே வண்டியில் போகக் கூடாது.

காட்சி 12 நான்கு நிமிட ஒற்றை ஷாட். நடிகர் அழுதுகொண்டிருக்கும்போது கார்டு நிறைந்தால் அந்த அழுகையைத் திரும்ப வாங்க முடியாது. கார்டில் 8 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அடுத்த செட்டப்புக்கு முன்பே மாற்றிவிடுங்கள். காட்சி 12-க்கு மட்டும் புதுக் கார்டிலேயே தொடங்குவோம். கார்டில் பிழை என்று திரையில் வந்தால் எதையும் அழுத்தாதீர்கள். கார்டை வெளியே எடுத்து, சிவப்பு டேப் சுற்றி என்னிடம் கொடுங்கள். அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்க வாய்ப்பு இருக்கிறது.

தாமதமாக வரும் நடிகர்கள்

அப்பா வேடத்தில் நடிப்பவர் வெளியூரிலிருந்து வருகிறார். முதல் நாள் காலை வண்டியில் வந்து இறங்குவதாகத்தான் பேச்சு. அதை மாற்றி முந்தைய நாள் மாலையே வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு இரவு தங்கும் செலவை ஒத்துக்கொண்ட தயாரிப்பாளருக்கு நன்றி.

7 மணி ஷாட்டுக்கு 6 மணிக்கே வரச் சொல்லி ஏமாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை வெறுமனே உட்கார்ந்தவர் அடுத்த முறை தானாகவே ஒரு மணி நேரம் கழித்து வருவார். கால் ஷீட்டில் இருப்பது உண்மையான நேரம், அதில் மேக்கப்புக்கு 45 நிமிடம் அடக்கம்.

15 நிமிடம் தாமதமானால் நான் மட்டும் போன் செய்வேன். ஐந்து பேர் மாற்றி மாற்றி அழைத்தால் அவர் வண்டி ஓட்டுவாரா, பதில் சொல்வாரா? அரை மணி ஆனால் காட்சி 4-ன் இன்சர்ட்டுகளை எடுக்கத் தொடங்குவோம்: கடிதம், கடிகாரம், அடுப்பு. ஒரு மணி நேரம் ஆனால் மகளின் க்ளோஸ்கள். அப்பாவின் வசனத்தை இரண்டாம் உதவி இயக்குநர் வாசிப்பார். அவர் கிட்டத்தட்ட அதே உயரம், அப்பாவின் சட்டையில் இன்னொன்றும் வாங்கியிருக்கிறோம். சஜஷன் ஷாட்டில் முதுகும் தோளும் போதும். ஒன்றரை மணி தாண்டினால் காட்சி 4-ஐ மதியத்துக்குத் தள்ளி, மகள் மட்டும் இருக்கும் காட்சி 2-க்குப் போவோம். ஆகவே அதன் உடையும் காலையிலேயே இஸ்திரி போட்டு இருக்க வேண்டும்.

வந்தவரிடம் யாரும் முகம் காட்ட வேண்டாம். நேராக மேக்கப். ஏன் தாமதம் என்று இரவு நான் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தோடு வரவேற்றால் அந்த முகம் ஷாட்டில் தெரியும்.

பக்கத்து வீட்டு அம்மா வேடத்தில் நடிப்பவருக்கு முதல் நாள் காட்சி 1 மட்டும். மதியம் 2 மணிக்கு அவர் வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் அவர் பக்கத்து ஷாட்டுகள் எல்லாம் முதலில். ஒளி வசதிக்காக வரிசையை மாற்றலாம் என்று ஒளிப்பதிவாளர் கேட்டால், 2 மணியை நினைவுபடுத்துங்கள்.

இயக்குநர் தாமதமானால்? ஒளிப்பதிவாளர் வைட் ஷாட்டை எடுக்கத் தொடங்கிவிடுவார். இயக்குநரிடமே சொல்லிவிட்டேன். சிரித்தார், ஆனால் சரி என்றார்.

எல்லாம் சேர்ந்து வந்தால்

மழையும் தாமதமும் ஒரே நாளில் வந்தால் எதை விடுவது என்பதையும் இயக்குநரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். முதலில் போவது காட்சி 2-ன் ஜன்னல் ஷாட்டுகள். அடுத்து காட்சி 7. காட்சி 4, 9, 12 மூன்றையும் எந்த நிலையிலும் விட மாட்டோம்.

இந்தத் தாளில் தவறு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள். நாளை மாலை 6 மணிக்கு முதல் வானிலைச் செய்தி போடுவேன். படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் அதற்குக் கீழே உங்கள் துறையின் பெயரை எழுதுங்கள்.

முதல் உதவி இயக்குநர்