காட்சி 14, 15, 16: ஷீபாவும் அப்பாவும் போனில்

படப்பிடிப்புப் பிரதி

இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் எடிட்டருக்கும்: மூன்று காட்சிகளும் ஒரே இரவில், ஒரே பேச்சின் தொடர்ச்சியாக நடக்கின்றன. இரட்டைத் திரையில் நாம் பார்ப்பது வீட்டில் நடப்பதை. திரைக்குள் திரையில் பார்ப்பது போன் காட்டுவதை மட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் கதை. அழகுக்காக எங்கேயும் திரையைப் பிரிக்க வேண்டாம்.

படம் 2.39:1. நடுவில் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் கிட்டத்தட்ட சதுரமாகிவிடும். அகலமான ஷாட் அதில் நிற்காது, இடுப்புக்கு மேலே வையுங்கள்.

தங்கையன் இடது பாதி, வலப்பக்கம் பார்க்கிறார். ஷீபா வலது பாதி, இடப்பக்கம் பார்க்கிறாள். தயவுசெய்து இதை மாற்ற வேண்டாம். அப்பாவின் வலது கை ஒடிந்திருக்கிறது, போனை இடது கையில்தான் பிடிப்பார். இந்தப் பக்கம் உட்கார வைத்தால்தான் போன் முகத்தை மறைக்காது, கட்டுப் போட்ட கையும் கேமராவுக்கு அருகில் வரும்.

காட்சி 14
உள் / இரவு / இரட்டைத் திரை
இடது: குலசேகரம் பக்கம் ஓட்டு வீடு, அடுக்களைத் திண்ணை. வலது: நாகர்கோவில், நர்சுகள் தங்கும் விடுதி அறை.

ஜூன் மாத மழை. இடது பாதியில் ஓட்டில் பெய்யும் சத்தம். வலது பாதியில் மழை இல்லை, ஃபேன் மட்டும். இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

தங்கையன் (58) திண்ணையில் இருக்கிறார். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு, அதன்மேல் ஒரு தோர்த்துத் துண்டு. ரப்பர் மரம் வெட்டும் பால்கத்தி ஆணியில் தொங்குகிறது. ஷீபா (26) கட்டிலில். யூனிஃபார்ம் மாற்றவில்லை. மடியில் ரியாத் மருத்துவமனை ஒன்றின் வேலை உத்தரவு, இரண்டு பக்கம்.

ஷீபா: சாப்பிட்டியளா அப்பா?

தங்கையன்: ஆச்சு மக்ளே. பாக்கியம் சித்தி கஞ்சி கொண்டு வந்தா.

ஷீபா: சித்தி எதுக்கு? நீங்க வைக்கலியா?

தங்கையன்: அவ கூடுதலா வச்சிட்டாளாம்.

(சொல்லும்போதே தோர்த்தை இழுத்து மூடுகிறார். வலது பாதியில் ஷீபா காகிதத்தை நாலாக மடிக்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.)

ஷீபா: இன்னைக்கு பால் எவ்வளவு கிடைச்சு?

தங்கையன்: மழையாக்கும். வெட்டு இல்ல.

ஷீபா: மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டியாச்சுன்னு போன வாரம் சொன்னியளே. கட்டுனா மழையிலயும் வெட்டலாம்லா?

தங்கையன்: காத்துல பிய்ஞ்சு போச்சு.

ஷீபா: முன்னூறு மரத்துக்குமா?

(பதில் இல்லை. ஓட்டில் மழை. இந்த மௌனத்தை எடிட்டர் குறைக்கக் கூடாது.)

ஷீபா: வீடியோல வாருங்க, மூஞ்சியப் பாக்கட்டு.

தங்கையன்: சார்ஜ் இல்ல மக்ளே.

ஷீபா: ஒரு நிமிசம் அப்பா.

காட்சி 15
உள் / இரவு / திரைக்குள் திரை

முழுத்திரையில் ஷீபா. வலது மேல் மூலையில் நெட்டைச் சட்டம், 9:16, அதில் அப்பா. சட்டத்துக்கு நிழலோ வளைந்த ஓரமோ வேண்டாம். மழைச் சத்தம் இனி போன் வழியாக மட்டும், மெலிந்து வரும்.

சட்டத்துக்குள் இருப்பது: அப்பாவின் முகம், கழுத்து, சட்டையின் மேல் மூன்று பொத்தான், பின்னால் அடுப்பு. கை தெரியவில்லை.

(நடிகர்கள் உண்மையாகவே போனில் பேசட்டும். அவரைத் தனியாக எடுத்துப் பிறகு ஒட்டினால் ஷீபாவின் கண் எங்கே நிற்கிறது என்பது பொய்யாகிவிடும்.)

ஷீபா சிரிக்கிறாள். சிரிப்பு நிற்கிறது. அவள் பார்ப்பதை நாமும் சட்டத்தில் பார்க்கிறோம்: பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு துளை தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது. காலர் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது.

ஷீபா: அடுப்புக்கு மேல கம்புல ஷீட் ஒண்ணும் கிடக்கலையே அப்பா.

தங்கையன்: எல்லாம் வித்தாச்சு.

ஷீபா: காயாத பச்சை ஷீட்டையுமா வித்திய?

தங்கையன்: நீ என்ன, போலீஸ் மாதிரி…

(எரிச்சலில் நிமிர்கிறார். தோர்த்து நழுவுகிறது. அந்த நொடியில் சிக்னல் போகிறது. சட்டத்தில் படம் உறைந்து நிற்கிறது: பாதி மூடிய கண், முகவாய்க்குக் கீழே வெள்ளையாக மாவுக்கட்டு. ஆனால் குரல் வந்துகொண்டே இருக்கிறது.)

தங்கையன் (குரல்): …எனக்கு ஒரு கேடும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு மழை விட்டா வெட்டுக்கு இறங்கிருவேன். நீ உன் டியூட்டியப் பாரு.

உறைந்த படத்தின் மேல் இந்தப் பொய் முழுவதும் ஓட வேண்டும். ஷீபாவின் முகத்துக்குக் குளோசப் போகாதீர்கள். அவளும் சட்டமும் ஒரே திரையில் இருப்பதுதான் இங்கே தேவை.

ஷீபா: எந்த எலும்பு?

தங்கையன் (குரல்): என்னது?

ஷீபா: படம் நின்னு போச்சு அப்பா. கட்டு தெரியுது.

காட்சி 16
உள் / இரவு / இரட்டைத் திரை, நகரும் கோடு

வெட்டு இல்லாமல் மூலைச் சட்டம் வளர்ந்து திரையின் இடது பாதியாகிறது. உறைந்த படம் அசைய ஆரம்பிக்கிறது. மழைச் சத்தம் மறுபடி நேரடியாக. வீடியோ அழைப்பு தொடர்கிறது. தங்கையன் இனி கையை மறைக்கவில்லை.

தங்கையன்: மணிக்கட்டு. திங்களாழ்ச்ச விடியக்காலம் சரிவுல வழுக்கிச்சு. ஆறு வாரம் கட்டு இருக்கணுமாம்.

ஷீபா: விரல் அசையுதா? மடக்கிக் காட்டுங்க. மரத்துப் போற மாதிரி இருக்கா?

(அவர் ஒவ்வொரு விரலாக மடக்குகிறார். நடுவிலிருக்கும் கோடு மெதுவாக வலப்பக்கம் நகர்கிறது. அப்பாவின் பாதி பெரிதாகிறது, ஷீபா ஒடுங்குகிறாள். மூன்றில் இரண்டு பங்கு அவருடையதானதும் கோடு நிற்கிறது.)

தங்கையன்: செரி, நீ சொல்லு. பின்னால சுவத்துல சாத்தி வச்சிருக்க அந்தப் பெட்டி யாருக்கு?

(ஷீபா திரும்பிப் பார்க்கிறாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பெட்டி. காட்சி 14இல் அவளுடைய உடம்பு அதை மறைத்திருக்க வேண்டும்.)

ஷீபா: …புரோமெட்ரிக் பாஸ் ஆயிட்டேன் அப்பா. ரியாத்துலேருந்து ஆர்டர் வந்திருக்கு. ரெண்டு வருசம்.

தங்கையன்: எப்போ வந்து?

ஷீபா: உங்களுக்குக் கை ஒடிஞ்ச அன்னைக்குத்தான்.

(கோடு நடுவுக்குத் திரும்புகிறது. இசை வேண்டாம்.)

தங்கையன்: என்ட்ட ஏன் சொல்லல?

ஷீபா: நீங்க ஏன் சொல்லல?

தங்கையன்: சொன்னா லீவு போட்டுட்டு வருவ.

ஷீபா: வரத்தான் போறேன். நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு.

தங்கையன்: வந்து என்ன செய்வ?

ஷீபா: வெட்டுவேன்.

தங்கையன்: நீயா? பத்தாங்கிளாஸ்ல பிடிச்ச கத்தியாக்கும் அது.

ஷீபா: ஹெட்லைட்ட சார்ஜ்ல போடுங்க. சிரட்டையெல்லாம் நிமித்தி வைக்க சித்திட்ட சொல்லுங்க.

தங்கையன்: பட்டையில ஆழமா இறக்கிராத, கேட்டியா? தடியில முட்டிச்சுன்னா முண்டு விழும், பிறகு அந்தப் பக்கம் வெட்டவே முடியாது.

ஷீபா: தெரியும் அப்பா.

தங்கையன்: தெரியும்னு சொல்லித்தான் அன்னைக்கு நாலு மரத்தக் கெடுத்த.

ஷீபா: மூணு!

(இருவரும் ஒரே நேரத்தில் பேச, வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. அந்தச் சத்தத்திலேயே காட்சி 17, தோட்டம், விடியற்காலை.)