கோட்டை விட்டு விலகாத வெக்டர்கள்

ஐகன் வெக்டர் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, டிடர்மினன்ட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அணி என்பது தளம் முழுவதையும் இழுத்துச் சாய்க்கும் ஒரு செயல். A = [[2, 1], [1, 2]] என்று எடுத்துக்கொள்வோம். வெக்டரை ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும் அம்பாகப் பாருங்கள். (1, 0) என்ற வெக்டர் (2, 1) ஆகிறது. நீண்டதோடு திரும்பியும் விட்டது. பெரும்பாலான வெக்டர்களின் கதி இதுதான். ஆனால் (1, 1) போய் நிற்பது (3, 3)-இல்: அதே கோடு, 3 மடங்கு நீளம். (1, −1) அசையவே இல்லை. இப்படித் தன் கோட்டை விட்டு விலகாதவை ஐகன் வெக்டர்கள் (பூஜ்ய வெக்டரைச் சேர்ப்பதில்லை). நீளும் மடங்குதான் ஐகன் மதிப்பு; இங்கே 3, 1.

மதிப்பு குறை எண்ணானால் அம்பு அதே கோட்டில் எதிர்ப்பக்கம் புரளும். பூஜ்யமானால் ஆதிப்புள்ளியில் நசுங்கிவிடும். தளத்தை 90° சுழற்றும் அணியிலோ எந்த அம்பும் தன் கோட்டில் தங்காது. அங்கே ஐகன் மதிப்புகளாகக் கலப்பெண்கள் தலைகாட்டுவது அதனால்தான்.