டயாலிசிஸ் பிரிவில் பணிப்பயிற்சி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
சு. கவிதா,
மூன்றாம் ஆண்டு செவிலியர் பட்டயப் பயிற்சி மாணவி,
செவிலியர் விடுதி.

பெறுநர்:
பொறுப்புச் செவிலியர் அவர்கள்,
ஆண்கள் பொது மருத்துவ வார்டு.

நாள்: 9.6.2025

பொருள்: 7.7.2025 முதல் 2.8.2025 வரை டயாலிசிஸ் பிரிவில் காலை ஷிப்ட் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். மாணவியர் பட்டியலில் டயாலிசிஸுக்கு ஒரு வாரம்தான் ஒதுக்கப்பட்டுள்ளது. அதை நான்கு வாரமாக நீட்டித்து, அந்த நாட்களில் என்னை வார்டு நைட் டியூட்டியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டுகிறேன்.

வாரம் இருமுறை வரும் நோயாளியை ஒரு வாரத்தில் இரண்டு தடவைதான் பார்க்க முடியும். நான்கு வாரத்தில் எட்டுத் தடவை. ட்ரை வெயிட் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பது அப்போதுதான் பிடிபடும். ட்ரை வெயிட் 56 கிலோ உள்ளவர் 58.5 கிலோவோடு வந்தால் எடுக்க வேண்டியது 2.5 லிட்டர். முடிவில் ரத்தத்தைத் திருப்பிச் செலுத்தும் சலைன் சுமார் 300 மி.லி. சேர்த்தால் 2.8 லிட்டர், நான்கு மணி நேரத்தில் மணிக்கு 700 மி.லி. இது கிலோவுக்கு 12.5 மி.லி. பொதுவாகச் சொல்லப்படும் 13 என்ற வரம்பை ஒட்டி நிற்கிறது. இதற்கு மேல் இழுத்தால் பி.பி. இறங்கும், கால் சதை இழுத்துப் பிடிக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போடலாம். நோயாளி கொட்டாவி விட்டு வியர்க்கும்போதே பி.பி. இறங்குகிறது என்று கண்டுகொள்ள, படுக்கையருகே நிற்க வேண்டும்.

காலை ஷிப்ட் கேட்பதற்குக் காரணம், 7 மணிக்கு நடக்கும் ஆயத்த வேலை. டயலைசரையும் ரத்தக் குழாய்களையும் சலைனால் கழுவிக் காற்றை வெளியேற்றுவது, மறுபயன்பாட்டு டயலைசரில் நோயாளி பெயரை இருவர் சரிபார்ப்பது, கிருமிநாசினி மிச்சம் இல்லையென ஸ்ட்ரிப்பில் உறுதிசெய்வது எல்லாம் அப்போதுதான்.

எடை, அரை மணிக்கொரு முறை பி.பி., ஃபிஸ்டுலாவில் அதிர்வு தொட்டுப் பார்த்தல், ஊசி எடுத்தபின் அழுத்திப் பிடித்தல் ஆகியவற்றை மேற்பார்வையில் செய்வேன். ஃபிஸ்டுலாவில் ஊசி போட மாட்டேன். பார்க்க மட்டும் அனுமதி போதும்.

நம் வார்டுக்கும் இதில் பயன் உண்டு. ஃபிஸ்டுலா உள்ள கையில் பி.பி. பட்டை கட்டுவது, ரத்தம் எடுப்பது, டயாலிசிஸ் அன்று காலை பி.பி. மாத்திரையை மருத்துவரைக் கேட்காமலே கொடுப்பது ஆகிய தவறுகள் வார்டிலேயே நேரக்கூடியவை. கட்டிலில் மாட்டத் தக்க ஒரு பக்கச் சரிபார்ப்பு அட்டையை, பிரிவுச் சிஸ்டரின் ஒப்புதலோடு 2.8.2025க்குள் தயாரித்துத் தருகிறேன்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்று. ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் என்ற அறிக்கையை இணைத்துள்ளேன். நான்கு வாரம் இயலாவிட்டால், திங்கள், வியாழன் மட்டுமாவது எட்டு வாரம் அனுமதித்தாலும் அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
சு. கவிதா

இணைப்பு: தடுப்பூசி அட்டை நகல், ஆன்டிபாடி பரிசோதனை அறிக்கை.