பதினொன்றாம் வகுப்பு, தமிழ், அரையாண்டுத் தேர்வு: பாடத்தில் இல்லாத கவிதை, நெடுவிடை வினாக்களும் மதிப்பெண் நிலைகளும்

மாணவர்களுக்கு

நேரம்: 50 நிமிடம். மதிப்பெண்: 8 + 12 = 20

கீழே உள்ள கவிதையை நீங்கள் இதற்கு முன் படித்திருக்க மாட்டீர்கள். அவசரப்படாமல் இரண்டு முறை படியுங்கள். பத்து நிமிடம் அதற்கே போனாலும் பரவாயில்லை. இரண்டு வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும்.

கயிற்றுத் தழும்பு

கிணற்றை மூடி சிலாப் போட்டாயிற்று.
மேலே அப்பா பைக் நிறுத்துகிறார்.
விளிம்புக் கல்லில் மட்டும்
விரல் பதியும் ஆழத்தில்
ஏழு தடங்கள்.

கல்லைக் கயிறு தேய்த்ததா,
கயிற்றை இழுத்த கை தேய்ந்ததா?
ஆத்தா சொல்லமாட்டாள்.
உள்ளங்கையை மூடிக்கொண்டு
குழாயடியில்
குடத்தோடு நிற்கிறாள்,
தண்ணீர் வரும் நேரத்தைக்
கேட்டுக்கொண்டு.

*வினா 1.* 'மூடி' என்ற சொல் கவிதையின் தொடக்கத்தில் ஒருமுறையும், 'மூடிக்கொண்டு' என்று பின்பாதியில் ஒருமுறையும் வருகிறது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஒரு பக்க அளவில் எழுதுக. (8)

*வினா 2.* 'இது கிணற்றைப் பற்றிய கவிதை' என்கிறார் ஒருவர். 'இல்லை, இது ஆத்தாவைப் பற்றிய கவிதை' என்கிறார் இன்னொருவர். நீங்கள் யார் பக்கம்? இரண்டும் இல்லாத மூன்றாவது கருத்தும் உங்களுக்கு இருக்கலாம். கவிதையின் சொற்களைச் சான்றாகக் காட்டி, இரண்டு பக்க அளவில் நிறுவுக. (12)

விடை திருத்தும் ஆசிரியர்களுக்கு

காலாண்டுத் தேர்வில் நயம் பாராட்டும் வினாவுக்கு ஒரே விடையை நாம் மூவரும் தனித்தனியே திருத்திப் பார்த்தோம். 4, 6, 9 என்று மதிப்பெண் வந்தது. எழுதிய பிள்ளை அதே பிள்ளைதான், எழுதியதும் அதே விடைதான். எதற்கு மதிப்பெண் என்பதை நாம் முன்கூட்டிப் பேசிக்கொள்ளாததால் வந்த வினை அது. இந்த முறை வினாவோடு சேர்த்தே நிலைகளையும் எழுதியிருக்கிறேன்.

அந்தத் தேர்வில் வந்த விடைகளில் பாதிக்கு மேல் 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்று தொடங்கி, 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்று நகர்ந்தன. எந்தப் பாடலைக் கொடுத்தாலும் பொருந்தும் விடை அது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் பழக்கினோம். அதனால்தான் இந்த வினாக்களில் 'நயம் பாராட்டுக' என்ற தொடரே இல்லை.

*வினா 1, நிலைகள்*

1–2: இரண்டு இடங்களையும் எடுத்து எழுதியிருக்கிறார், அல்லது கவிதையை உரைநடையாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். 'கிணற்றை மூடிவிட்டார்கள், ஆத்தா கையை மூடியிருக்கிறாள்' என்பதோடு விடை நிற்கிறது.

3–5: இரண்டையும் இணைக்கும் ஒரு கருத்து இருக்கிறது. கிணறு மறைக்கப்பட்டதுபோல ஆத்தாவின் உழைப்பும் மறைக்கப்பட்டது என்பது போன்ற ஒன்று. ஆனால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்; சுற்றியுள்ள வரிகளைத் தொடவில்லை.

6–8: இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்க்கிறார். கிணற்றை மூடியது பிறர். கையை மூடியது அவளே. 'போட்டாயிற்று' என்பதில் செய்தவர் யார் என்று இல்லை; 'மூடிக்கொண்டு' என்பதில் செயல் அவளிடமே திரும்புகிறது. இந்த இலக்கணத்தைப் பெயர் சொல்லி விளக்க வேண்டிய கட்டாயமில்லை. வேறுபாட்டை உணர்ந்து சொன்னாலே போதும்.

*வினா 2, நிலைகள்*

0: விடை இல்லை, அல்லது கவிதைக்குத் தொடர்பே இல்லாத நீர் மேலாண்மைக் கட்டுரை.

1–3: பக்கம் எடுத்திருக்கிறார், சான்று இல்லை. அல்லது மேற்கோள் உண்டு, அது எதற்கு வந்தது என்று தெரியவில்லை. மனப்பாட நய வரிகள் மட்டுமே உள்ள விடை, எத்தனை பக்கம் நீண்டாலும் இந்த நிலையைத் தாண்டாது.

4–6: பக்கம் தெளிவு, சான்றும் பொருத்தம். ஆனால் சான்றுக்கும் கருத்துக்கும் நடுவே விளக்கம் இல்லை. இப்படி இருக்கும்: 'இது ஆத்தாவைப் பற்றிய கவிதை. ஏனென்றால் "ஆத்தா சொல்லமாட்டாள்" என்று கவிஞர் கூறுகிறார். மேலும் "குடத்தோடு நிற்கிறாள்" என்றும் கூறுகிறார்.' ஆத்தா வரும் வரிகளைக் காட்டிவிட்டார், சரி. அவள் ஏன் சொல்லமாட்டாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

7–9: சொல்லைத் தொட்டு, அந்தச் சொல் என்ன செய்கிறது என்று காட்டுகிறார். கருத்து அதிலிருந்து வளர்கிறது. ஓரிடத்தில் இதைச் செய்தால் 7. விடை முழுக்கச் செய்தால் 9.

10–12: மேலே சொன்னதோடு, எதிர்க்கருத்தையும் மதித்து எடுத்துக்கொண்டு, அதையும் கவிதைக்குள் வைத்தே பேசுகிறார். அல்லது ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். விடையின் பகுதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நமக்குள் தகராறு வரப்போவது 6-க்கும் 7-க்கும் நடுவில்தான். அதனால் அங்கே மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு மாணவி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'தேய்த்ததா, தேய்ந்ததா என்று இரண்டு சொற்கள் வருகின்றன. கயிறு தேய்த்தது, கை தேய்ந்தது. கயிறு வேலை செய்தது மாதிரியும் கை சும்மா தேஞ்சு போன மாதிரியும் இருக்கு. ஆனா இழுத்தது கைதான்.'

எழுத்து நடை தளர்கிறது, பேச்சு வழக்கு நுழைகிறது. 'தன்வினை, பிறவினை' என்ற சொற்கள் இல்லை. ஆனாலும் இது 7-க்குக் கீழே போகக் கூடாது. த்-க்கும் ந்-க்கும் நடுவே உள்ள வேறுபாட்டில் ஒரு வாழ்க்கையைப் பார்த்துவிட்டார். இதே விடையில் தலைப்பு 'தழும்பு' என்கிறது, உள்ளே 'தடங்கள்' என்றுதான் இருக்கிறது, தழும்பு தோலில் அல்லவா விழும் என்று இன்னொரு வரி வந்திருந்தால் தயங்காமல் 9 போடலாம்.

மாறாக, 'கல்லை, கயிறு, கயிற்றை, கை என மோனை சிறப்பாக அமைந்துள்ளது' என்று பிழையில்லாமல் எழுதிய வரி 4–6 நிலைக்குரியது. அந்தக் ககரங்கள் அடுத்தடுத்து வந்து உரசும் ஓசை தருகின்றன என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த நிலைக்கு ஏறும்.

நாம் எதிர்பாராத விளக்கம் வந்தால் பயப்பட வேண்டாம். கடைசி வரியின் 'கேட்டுக்கொண்டு' என்பதை யாரிடமோ நேரம் விசாரிக்கிறாள் என்றும் எடுக்கலாம், குழாய்க்குள் வரும் ஓசைக்குக் காதுகொடுக்கிறாள் என்றும் எடுக்கலாம். அப்பாவைக் குற்றவாளியாக்கி ஒரு பிள்ளை எழுதலாம். இடமில்லாத வீட்டில் பைக்கை வேறெங்கே நிறுத்துவார் என்று இன்னொரு பிள்ளை பரிந்து பேசலாம். வரியைக் காட்டினால் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. கவிதையில் இல்லாத கதையைக் கட்டினால் மட்டும், உதாரணமாகத் தாத்தா கிணற்றில் விழுந்து இறந்தார் என்று எழுதினால், அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவும் வேண்டாம்.

ர, ற, ல, ள, ழ பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள், ஆனால் இந்த இரண்டு வினாக்களில் அதற்காக மதிப்பெண் கழிக்க வேண்டாம். அப்புறம், பக்க அளவு வழிகாட்டுதல்தான். முக்கால் பக்கத்தில் 11 வாங்கும் விடை வரலாம்.

திருத்தும் முறை: முதலில் நிலையை முடிவு செய்யுங்கள், அதன் பிறகு அந்த நிலைக்குள் எண்ணை. எண்ணை முதலில் போட்டுவிட்டு நிலையைத் தேடினால் பழையபடி 4, 6, 9 தான் வரும். முதல் பத்துத் தாள்களை மூவரும் தனித்தனியே திருத்தி, மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல் தனித் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு, மதிய இடைவேளையில் ஒப்பிடுவோம். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடும் விடையை உரக்கப் படித்துப் பேசி முடித்த பிறகே மீதிக் கட்டைப் பிரிக்கலாம்.