பவானி ஆற்றில் குளித்த இளைஞர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது குறித்துக் காவல் நிலையத்தில் கொடுத்த மனு

அனுப்புநர்
சிவராஜ் (வயது 36), த/பெ. ரங்கசாமி,
மற்றும் ஆற்றங்கரைத் தன்னார்வலர்கள் நான்கு பேர்,
தேக்கம்பட்டி, மேட்டுப்பாளையம் வட்டம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
மேட்டுப்பாளையம் காவல் நிலையம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

நாள்: 27.04.2025, ஞாயிறு, இரவு 9.15 மணி

பொருள்: பவானி ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த திருப்பூர் இளைஞர் கார்த்திகேயன் இன்று மாலை நீரில் அடித்துச் செல்லப்பட்டது – நேரில் பார்த்த விவரம் தெரிவித்தல் – தேடுதலைத் தொடரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இன்று மாலை சுமார் 4.30 மணிக்கு, வனபத்ரகாளியம்மன் கோவிலுக்கு மேலே அரை கிலோமீட்டர் தள்ளி, பழைய மோட்டார் ரூம் பக்கம் உள்ள குளிக்கும் இடத்தில், கார்த்திகேயன் என்ற 23 வயது இளைஞர் தண்ணீர் இழுப்பில் போய்விட்டார். இந்த மனு எழுதும் நேரம் வரை அவர் கிடைக்கவில்லை. 112-க்குச் சம்பவம் நடந்தவுடனே போன் செய்து சொல்லிவிட்டோம். தங்கள் நிலையத்தில் இருந்து வந்த காவலர்களிடமும் வாயால் சொல்லியிருக்கிறோம். எழுத்திலும் கொடுக்கச் சொன்னதால் இதை எழுதுகிறோம்.

நாங்கள் ஐந்து பேரும் ஆற்றோரம் குடியிருப்பவர்கள். இரண்டு பேர் மீன் பிடிப்பவர்கள், மற்றவர்கள் தோட்ட வேலை, டிரைவர் வேலை. சங்கம், பதிவு எதுவும் கிடையாது. ஞாயிறு, அமாவாசை போன்ற கூட்ட நாட்களில் லாரி டியூப் இரண்டும் நைலான் கயிறும் எடுத்துக்கொண்டு கரையில் இருப்போம். இன்று ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வந்ததால் கோவிலுக்கு வந்தவர்கள் அப்படியே ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கார்த்திகேயனும் அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் மதியம் 1 மணிவாக்கில் மூன்று பைக்குகளில் வந்தார்கள். சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்ட பிறகு, கோவில் பக்கம் கூட்டமாக இருக்கிறது என்று மேலே நடந்து மோட்டார் ரூம் பக்கம் வந்ததாக நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களை முதலில் பார்த்தது 3 மணிக்கு மேல். அப்போது ஆறு மிகவும் குறைவாக இருந்தது. கரையில் இருந்து நடு ஆற்றுப் பெரிய பாறை வரை முழங்கால் தண்ணீர்தான். சின்னக் குழந்தைகள்கூட நடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விட்டால் எங்கள் பகுதியில் ஆறு கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும் என்பது தங்களுக்குத் தெரியும். மழை வேண்டியதில்லை, வானம் வெளுத்துக் கிடக்கும்போதே வரும். இங்கே வெயில் காலத்தில் ஆபத்து அதிகம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மழைக் காலத்தில் ஆற்றைப் பார்த்தாலே யாரும் நடுவில் போக மாட்டார்கள். கோடையில் பாறை தெரிகிறது, மணல் தெரிகிறது, எல்லோரும் நடுப்பாறையில் போய் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள்.

4.15 மணி இருக்கும், தண்ணீர் நிறம் மாறி, இலை தழை மிதந்து வர ஆரம்பித்தது. நாங்கள் விசில் அடித்து எல்லோரையும் மேலே வரச் சொன்னோம். கரை ஓரம் இருந்தவர்கள் உடனே ஏறிவிட்டார்கள். நடுப்பாறையில் கார்த்திகேயனும் இரண்டு நண்பர்களும் இருந்தார்கள். மற்ற இரண்டு நண்பர்கள் முன்பே கரைக்கு வந்துவிட்டார்கள். விசில் சத்தம் பாறையில் இருந்தவர்களுக்குக் கேட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கை காட்டியதைப் பார்த்தார்கள், பதிலுக்குக் கை காட்டினார்கள். அவர்கள் எழுந்து இறங்குவதற்குள் பாறைக்கும் கரைக்கும் நடுவே இடுப்பளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் நல்ல வேகத்தில்.

"அங்கேயே நில்லுங்க, கயிறு போடறோம்" என்று கத்தினோம். பாறையின் மேல் பகுதி அந்த நேரத்தில் மூழ்கவில்லை. நான் டியூபில் கயிறு கட்டி, மேலே கொஞ்ச தூரம் போய் ஆற்றில் விட்டேன். முதல் தடவை எட்டாமல் போய்விட்டது. இரண்டாம் தடவை நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். நீச்சல் தெரியாத அந்த இரண்டு பேரையும் முதலில் அனுப்பச் சொன்னவர் கார்த்திகேயன்தான். அதை நாங்கள் காதால் கேட்டோம். இரண்டு பேரும் ஒரே டியூபைப் பிடித்துக்கொண்டார்கள், கரையில் இருந்து ஆறேழு பேர் சேர்ந்து இழுத்து ஏற்றினோம்.

டியூபைத் திரும்ப விடுவதற்கு எடுத்துப் போகும்போதே கார்த்திகேயன் தண்ணீரில் குதித்துவிட்டார். பாறையில் ஈரம் ஏறியதைப் பார்த்துப் பயந்தாரா, நீந்தியே வந்துவிடலாம் என்று நினைத்தாரா, தெரியாது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவர் என்று நண்பர்கள் சொன்னார்கள். கை வீசியதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் போகும் பக்கமாகச் சாய்ந்து வராமல், எதிரே தெரிந்த எங்களைப் பார்த்து நேராக வந்தார். பத்துப் பன்னிரண்டு வீச்சிலேயே கை ஓய்ந்துவிட்டது. அப்புறம் தண்ணீர் அவரைக் கீழே உள்ள இரட்டைப் பாறை இடுக்குக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் சுழி உண்டு. ஒரு முறை தலை தெரிந்தது, ஒரு கை தெரிந்தது. மீன் பிடிக்கும் எங்கள் ஆள் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். அவரும் இழுப்பில் மாட்டிக்கொள்ள, நாங்களே அவரைத் திரும்ப இழுக்க வேண்டியதாகிவிட்டது. அவருக்கு இடது முழங்காலில் பாறை கிழித்த காயம் இருக்கிறது.

போன் செய்த நேரம் 4.38 என்று என் கைபேசியில் இருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் 5.10-க்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் நாங்கள் கரையோரமாகவே கோவில் படித்துறை வரை ஓடிப் பார்த்தோம். படித்துறையில் நின்றவர்கள் யாரும் ஆள் மிதந்து போனதைப் பார்க்கவில்லை என்றார்கள். வீரர்களும் நாங்களும் சேர்ந்து இரட்டைப் பாறையில் இருந்து கீழே இரண்டு வளைவு வரை தேடினோம். தண்ணீர் வேகமாக இருந்ததால் இடுக்கில் பாதாளக் கரண்டி போட முடியவில்லை. 6.50-க்கு இருட்டிவிட்டது. நிலா இல்லாத இரவு என்பதால் டார்ச் வைத்துக்கொண்டு கரையை மட்டும் பார்த்துவிட்டு 8 மணிக்கு நிறுத்திவிட்டோம். யாராவது கரை சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்களோ என்று நண்பர்கள் கேட்டதால் மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டோம். அப்படி யாரும் வரவில்லை.

கார்த்திகேயன் மாநிறம், சுமார் ஐந்தரை அடி உயரம், ஒல்லியான உடம்பு. கடைசியாகப் பார்த்தபோது கறுப்பு அரைக்கால் டிரவுசர் மட்டும் போட்டிருந்தார், சட்டை இல்லை. வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறும் வெள்ளிக் காப்பும் இருக்கின்றன. வலது தோளில் சிறிய வேல் பச்சை குத்தியிருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள், நாங்கள் கவனிக்கவில்லை. பாறையில் விட்டுப்போன அவருடைய துண்டு ஆற்றோடு போய்விட்டது. கரையில் இருந்த பேன்ட், சட்டை, செருப்பு, பர்ஸ், கைபேசி ஆகியவற்றை நண்பர்கள் முன்னிலையில் ஒரு பையில் போட்டு, வந்திருந்த தலைமைக் காவலரிடம் கொடுத்துவிட்டோம். பர்ஸைத் திறந்தது ஆதார் அட்டை பார்ப்பதற்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் தெளிவாக எழுதிவிடுகிறோம். சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு இறங்கினார்கள் என்றும், நண்பர்களுக்குள் தகராறு, தள்ளிவிட்டார்கள் என்றும் கோவில் கடைவீதியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பிலும் ஓடுகிறது. தள்ளுமுள்ளு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. அவர் குதித்தபோது பாறையில் வேறு ஆளே இல்லை. நண்பர்கள் நால்வரிடமும் பக்கத்தில் நின்று பேசினோம், மது வாடை வரவில்லை. மோட்டார் ரூம் பின்னால் காலி பாட்டில்கள் கிடப்பது உண்மை. ஆனால் அவை அங்கே எப்போதும் கிடப்பவை, இவர்களுடையவை என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. கரையில் இருந்து ஒருவர் கைபேசியில் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். கயிறு போடுவதில் இருந்து அவர் மறைவது வரை அதில் இருக்கிறது. தங்களுக்குக் காட்டுகிறோம். வேறு யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டோம். பெற்றோர் அதைப் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

பெற்றோருக்கு நண்பர்கள் மாலை 6 மணிக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் இருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்கள். காணவில்லை என்று அவர்கள் தனியாகப் புகார் எழுதிக் கொடுப்பார்கள். அதுவரை காத்திருக்காமல், இந்த மனுவை வைத்தே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, முக்கியமானது: நாளை காலை 6 மணிக்குத் தேடுதலைத் தொடங்கும்போது ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். பில்லூரில் இருந்து விடும் தண்ணீரைத் தேடும் நேரத்துக்கு மட்டும் குறைக்க முடியுமா என்று தாங்கள் அதிகாரிகளிடம் பேச வேண்டும். நாங்கள் கேட்டால் நடக்காது. தண்ணீர் வடிந்தால் இரட்டைப் பாறை இடுக்கை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அவர் அங்கேதான் சிக்கியிருப்பார் என்பது எங்கள் எண்ணம், ஏனென்றால் அதற்குக் கீழே நின்ற யாரும் அவரைப் பார்க்கவில்லை. நாளை மாலை மறுபடி தண்ணீர் ஏறினால் அங்கிருந்தும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அப்படி ஏற்கெனவே போயிருந்தால் ஊட்டி ரோட்டுப் பாலம் தாண்டிச் சிறுமுகைப் பக்கம் போய், பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கத்தில்தான் சேரும். சிறுமுகை, பவானிசாகர் காவல் நிலையங்களுக்கு அடையாளங்களைச் சொல்லி வைக்கவும், நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் பரிசல்காரர்களுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டுகிறோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் காலையில் சிறுமுகையில் நிற்பார்கள்.

தேடுதல் முடியும் வரை மோட்டார் ரூம் பக்கம் யாரையும் இறங்க விடாமல் ஒரு காவலரை நிறுத்தினால் நல்லது. இன்று மாலை தேடிக்கொண்டிருக்கும்போதே, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் அதே தண்ணீரில் கால் நனைக்கப் போனார்கள். அவர்களைத் திட்டி ஏற்றுவதற்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் பேச்சைச் சிலர் கேட்கிறார்கள், சிலர் "நீ யார் சொல்றதுக்கு" என்கிறார்கள். காக்கிச் சட்டை நின்றால் அந்தக் கேள்வி வராது.

நண்பர்கள் நால்வரும் இப்போது நிலையத்தில்தான் இருக்கிறார்கள். டியூபில் வந்த இருவரும் நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள், ஒருவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. விசாரணைக்கு முன் அவர்களை மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம்.

மேலே எழுதியதில் நாங்கள் கண்ணால் பார்த்ததும் நண்பர்கள் சொன்னதும் எது எது என்று பிரித்தே எழுதியிருக்கிறோம். எப்போது கூப்பிட்டாலும் வந்து வாக்குமூலம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இந்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிவராஜ்
மற்றும் உடன் கையொப்பமிட்ட தன்னார்வலர்கள் நால்வர்

இணைப்பு: கார்த்திகேயனின் ஆதார் அட்டை நகல்; நண்பர்கள், தன்னார்வலர்கள் ஆகியோரின் பெயர், முகவரி, கைபேசி எண்கள் எழுதிய தனித்தாள்; சம்பவ இடத்தின் கையால் வரைந்த படம்.